தண்ணீரில் முளைத்த கொடியிலிருந்து சர்க்கரைவள்ளி: பத்தடிக்கு நாலடி இடத்தில் வளர்க்கும் முறை

சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்தி வைத்தால் கொடி வரும் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கொடியை மண்ணில் நட்டால் தழைத்துப் படரவும் செய்யும். ஆனால் நாலு மாதம் கழித்துத் தோண்டினால் விரல் தடிமனில் நாலைந்து வேர்கள்தான் கிடைக்கின்றன என்று புதிதாகச் செய்பவர்கள் பலர் சொல்கிறார்கள். கொடியை எவ்வளவு நாள் தண்ணீரில் வைத்தார்கள், எப்படி நட்டார்கள், முதல் மாதம் மண் எப்படி இருந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

நாம் சாப்பிடும் கிழங்கு, கொடியின் கணுவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் வேர் பருத்து உண்டாவது. எல்லா வேரும் பருக்காது. நட்ட முதல் ஐந்தாறு வாரத்தில், காற்றோட்டமான பொலபொலப்பான மண்ணில், தடையில்லாமல் இறங்கிய தடித்த வேர்கள் சில கிழங்காக மாறத் தொடங்கும். மற்றவை நார்வேராகவே நின்றுவிடும், அல்லது பென்சில் கனத்தில் மரத்துப் போகும். மரத்துப்போன வேரைப் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பருக்க வைக்க முடியாது. எனவே தண்ணீர் என்பது முளையை எழுப்புவதற்கு மட்டும். வேர் வளர வேண்டிய இடம் மண். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஏன் என்று புரியும்.

கணக்குக்கு எளிதாக இருக்க, பத்தடி நீளம், நாலடி அகலம் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மண்ணை நீளவாட்டில் மேடாக அணைத்து இரண்டு பார்கள், பாருக்குப் பத்து என்று இருபது கொடிகள் நடலாம். நாள் கணக்கு தமிழ்நாட்டுச் சமவெளிக்கானது. மே 5 வாக்கில் கிழங்கைத் தண்ணீரில் வைத்தால் ஜூன் மாதத்தில் நடவு முடியும், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் அறுவடையும் முடியும். கிழங்கு முற்றிய நேரத்தில் மண்ணில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று கிழங்கு போதும். ஒன்று அழுகினாலும் மற்ற இரண்டு ஓரளவு ஈடுகட்டும். ஒவ்வொன்றும் 150 முதல் 250 கிராம் எடை, கையில் பிடித்தால் கெட்டியாக, தோல் உரியாமல் இருக்கட்டும். கடையில் ஏற்கெனவே குட்டி முளை விட்ட கிழங்கு இருந்தால் அதை விடாதீர்கள், இரண்டு வாரம் மிச்சம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கிழங்கு வேண்டாம். இது வெப்பமண்டலப் பயிர். சுமார் 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே உள்ளே திசு கெட்டு, முளைக்காமலேயே அழுகும்.

தோலில் குண்டூசி முனை அளவு சிறு துளைகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அவை கூன்வண்டு போட்ட துளைகள். சந்தேகம் இருந்தால் அதே குவியலிலிருந்து ஒரு கிழங்கை வெட்டிப் பார்க்கலாம். உள்ளே கறுப்பாகச் சுரங்கம் ஓடி, கசப்பான நெடி அடித்தால் அந்தக் குவியலே வேண்டாம். விதைக் கிழங்கில் வரும் வண்டு உங்கள் மண்ணில் குடியேறிவிட்டால் விரட்டுவது மிகக் கடினம்.

ரகம் கேட்டு வாங்க வசதியிருந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களைத் தேடலாம். பூ சோனா உள்ளே ஆரஞ்சு நிறம், பூ கிருஷ்ணா ஊதா நிறம். கிடைக்காவிட்டால் சந்தைக் கிழங்கே போதும். ரகத்தின் வயது தெரியாது என்பது மட்டுமே குறை. அதற்கு அறுவடையில் ஒரு சோதனை இருக்கிறது.

டம்ளரில் முளைக்க வைத்தல்

கிழங்குக்கு மேல், கீழ் உண்டு. கொடியோடு ஒட்டியிருந்த பக்கத்தில் காம்பு முறிந்த தழும்பு தெரியும், பெரும்பாலும் அந்தப் பக்கம் சற்றுப் பருமனாக இருக்கும். மறுபக்கம் கூம்பி, எலிவால் மாதிரி மெல்லிய வேரோடு முடியும். முளை அதிகமும் தழும்புப் பக்கத்திலிருந்தே வரும், அதனால் அது மேலே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் தண்ணீருக்குள் இருக்கும் முளைக்கண்கள் ஊறிச் சீரழியும். சில கிழங்குகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றை நிறுத்தி வைக்க வேண்டாம், ஒரு தட்டில் ஈரமணல் பரப்பி, பாதி புதையும்படி படுக்க வையுங்கள்.

வாய் அகன்ற டம்ளரோ ஜாடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்குச்சியை மூன்று விரல் நீளத் துண்டுகளாக ஒடித்து, கிழங்கின் நடுப்பகுதியில் மூன்று பக்கமும் அரை விரற்கடை ஆழத்துக்குக் குத்துங்கள். அந்தக் குச்சிகள் டம்ளர் விளிம்பில் தாங்கிக்கொள்ளும். கிழங்கின் கீழ் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீரில் நனையட்டும். பாதிக்கு மேல் மூழ்கினால் அழுகும் வாய்ப்பு கூடுகிறது. தண்ணீரில் உரம் எதுவும் கரைக்க வேண்டியதில்லை, முளைக்கான உணவு கிழங்கிலேயே இருக்கிறது. உரம் கலந்தால் பாசியும் அழுகலும்தான் மிஞ்சும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

டம்ளரைச் சுற்றிக் கறுப்புத் தாள் கட்டினால் பாசி பிடிக்காது. வைக்கும் இடம் நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம். இருட்டு மூலையில் வைத்தால் முளை வெளுத்து, நூலாக நீளும். அது வெளியில் வந்து வெயிலைத் தாங்காது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டி, டம்ளரின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்த தண்ணீரை மேலே நிரப்புவது போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படி வீட்டில் தேங்கிய நல்ல தண்ணீரில்தான், அதுவும் பாத்திரத்தின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒட்டவைக்கும். தேய்த்துக் கழுவுவது அந்த முட்டைக்காக.

மே மாத வெக்கையில் ஒரு வாரத்துக்குள் அடியில் வெள்ளை வேர் இறங்கும். பத்துப் பதினைந்து நாளில் மேல் நுனியில் முளைக்கண்கள் திறக்கும். முதலில் தோலில் கடுகளவு ஊதாப் புடைப்பு, அடுத்த நாள் அது கூராக நீண்டிருக்கும், மூன்றாம் நாள் இரண்டு சிறு இலைகள் கைகூப்பிய மாதிரி மடங்கி நிற்கும். வேர் நிறைய வந்தும் மூன்று வாரமாக முளை இல்லையென்றால் பெரும்பாலும் கிழங்கு தலைகீழாக இருக்கிறது. எடுத்து ஈரமணலில் படுக்க வைத்தால் இன்னும் காப்பாற்றலாம்.

தண்ணீர் கலங்கிப் புளித்த வாடை வந்தால் உடனே கிழங்கை எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கொழகொழப்பான பகுதியைக் கெட்டிச் சதை தெரியும்வரை வெட்டித் தள்ளிவிட்டு, நிழலில் ஒரு நாள் காயவிட்டு, வெட்டுவாய் உலர்ந்தபின் ஈரமணலில் வையுங்கள். மறுபடி தண்ணீருக்குத் திருப்ப வேண்டாம்.

கொடியை எடுத்தல்

முளை ஒரு சாண் நீளம், அதாவது 20 சென்டிமீட்டர் வளர்ந்து, ஐந்தாறு இலை விட்டதும் எடுக்கலாம். மே 5 இல் வைத்தது ஜூன் 3 வாக்கில் இந்த நிலைக்கு வரும். கிழங்கிலிருந்து பிய்த்து எடுக்கிற பழக்கம் உண்டு, ஆனால் வெட்டி எடுப்பதே நல்லது. கிழங்குக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு, சுத்தமான பிளேடால் நறுக்குங்கள். கிழங்கில் நோய்க்கிருமியோ வண்டின் முட்டையோ இருந்தால் அது அடித்தண்டிலேயே தங்கிவிடும், நுனிக்கொடி பெரும்பாலும் சுத்தமாக வரும். விட்ட அடித்தண்டிலிருந்து மறுபடி முளையும் வரும்.

முதல் வெட்டில் கிழங்குக்கு நாலைந்து கொடி வீதம் பன்னிரண்டு கிடைத்தால் போதும், ஒரு பாருக்கு ஆகிவிட்டது. மீதம் இரண்டு, போனதற்கு ஈடாக. பத்து நாளில் அடுத்த வெட்டு இரண்டாவது பாருக்கு. ஒரே பாரில் இருப்பவை ஒரே வயதாக இருப்பது முக்கியம். மூத்த கொடி பக்கத்திலிருக்கும் இளங்கொடியை மூடி அமுக்கிவிடும்.

வெட்டிய கொடியின் கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, அடி இரண்டு கணு மட்டும் நனையும்படி தண்ணீரில் வையுங்கள். மூன்றாம் நாள் கணுவில் வெள்ளைப் புள்ளி தெரியும், ஐந்தாம் நாள் வேர் ஒரு விரற்கடை நீளம் இருக்கும். அன்றே நட்டுவிடுங்கள். புதியவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். வேர் தழையத் தழைய நல்லது என்று எண்ணி இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுகிறார்கள். டம்ளருக்குள் வேர் சுற்றிச் சுற்றி நூற்பந்தாகிவிடும். அதை அப்படியே புதைத்தால் சுருண்ட வேர் சுருண்டபடியே பருத்து, ஒன்றையொன்று முறுக்கிய சிறுசிறு கிழங்காகும், இல்லையென்றால் நார்வேராகவே நிற்கும். நாள் கடந்துவிட்டதென்றால் நீண்ட வேரை ஒரு விரற்கடைக்குக் கத்தரித்துவிட்டு நடுங்கள். புதுவேர் மண்ணிலேயே நேராக இறங்கும். உண்மையில் ஈரமான மண்ணில் வேர் விடாத கொடியை நட்டாலே பிடித்துக்கொள்ளும். விவசாயிகள் வயலில் நடுவது வேரில்லாத கொடித்துண்டைத்தான். தண்ணீரில் வைக்கும் ஐந்து நாள், டம்ளரில் வளர்ந்த மெல்லிய கொடி வாடாமல் தப்புவதற்காகத்தான்.

கிழங்கை அப்படியே முழுதாகப் புதைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கொடி வரும். ஆனால் தாய்க்கிழங்கே ஊதிப் பெருத்து நார் பாய்ந்துவிடும், புதுக்கிழங்கு சொற்பமாகத்தான் இருக்கும். கொடியாக எடுத்து நடுவதே சரி.

பார் பிடித்தலும் நடவும்

கொடி தண்ணீரில் இருக்கும் நாட்களில் மண்ணைத் தயார் செய்துவிடலாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நீளவாட்டம் தெற்கு வடக்காக இருந்தால் பின்னால் கொடிக்கு வேலி கட்டும்போது இரண்டு பாருக்கும் வெயில் சமமாகக் கிடைக்கும். ஓரடி ஆழம் கொத்தி, கல்லும் கட்டியும் பொறுக்கிவிடுங்கள். செம்மண் கலந்த மணற்பாங்கான மண் இதற்கு ஏற்றது. களிமண்ணாக இருந்தால் பாரை இன்னும் உயர்த்தி, ஆற்றுமணலோ மட்கிய தென்னைநார்க் கழிவோ கலந்து இளக்கம் கொடுக்க வேண்டும்.

இந்த நாற்பது சதுர அடிக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் பத்துக் கிலோ போதும். மண் களர்த்தன்மை இல்லாமல் இருந்தால் சலித்த விறகுச் சாம்பல் அரைக் கிலோ தூவலாம், கிழங்கு பருக்கத் தேவையான சாம்பல்சத்து அதில் இருக்கிறது. பச்சைச் சாணம், கோழி எரு, யூரியா ஆகியவற்றை இங்கே அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி முழுக்க இலையும் கொடியுமாகப் போய்விடும், கிழங்கு இறங்காது. இலை கருகருவென்று உள்ளங்கையைவிடப் பெரிதாக, கொடி இரண்டு மீட்டர் தாண்டி ஓடுவதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

பின்னர் இரண்டு பார்கள் அமையுங்கள். ஒரு பாரின் உச்சியிலிருந்து மறு பாரின் உச்சிக்கு இரண்டடி இடைவெளி, உயரம் ஓரடி, நடுவில் ஒரு வாய்க்கால். மண்வெட்டியின் பின்புறத்தால் பாரைத் தட்டிக் கெட்டியாக்காமல் இளக்கமாகவே விடுங்கள்.

நடுவதற்கு முதல் நாள் பாரை நன்றாக நனைத்துவிடுங்கள். நடவு மாலை நான்கு மணிக்கு மேல். பாரின் உச்சியில் ஓரடிக்கு ஒன்றாக, நான்கு விரற்கடை ஆழத்தில் சாய்வான பள்ளம் கீறி, கொடியின் அடிப்பகுதி மூன்று கணுவை அதில் படுத்தவாக்கில் வைத்து, நுனி இரண்டு மூன்று இலையோடு வெளியே நிமிர்ந்திருக்கும்படி மண்ணை மூடி லேசாக அழுத்துங்கள். குச்சி நட்ட மாதிரி செங்குத்தாக நட்டால் அடியில் ஒரே இடத்தில் கிழங்கு நெருக்கியடிக்கும். படுக்கவைத்து நட்டால் மூன்று கணுவிலிருந்தும் வேர் தனித்தனியாக இறங்கிக் கிழங்குக்கு இடம் கிடைக்கும். புதைத்த கணுக்களில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள், மண்ணுக்குள் போன இலை அழுகும்.

ஜன்னலோரத்தில் வளர்ந்த கொடி ஜூன் வெயிலை முதல் நாளே தாங்காது. நட்ட நாலைந்து நாளுக்குத் தென்னங்கீற்றோ பழைய பருத்தித் துணியோ நிழலாகக் கொடுங்கள். முதல் ஐந்து நாள் தினமும் மாலையில் பூவாளியால் தண்ணீர். இலை நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. மாலையிலும் துவண்டே கிடந்தால் வேர் பிடிக்கவில்லை, ஏழாம் நாள் அந்த இடத்தில் மிச்சக் கொடியை நடுங்கள்.

முதல் நாற்பது நாள்

கிழங்கின் எண்ணிக்கை நிர்ணயமாவது இந்த நாட்களில். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாகக் கூடாது. ஒரு பிடி மண்ணை நாலு விரற்கடை ஆழத்திலிருந்து எடுத்துக் கையில் அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் கசிந்தால் அதிகம், உருண்டையே சேராவிட்டால் குறைவு. மணற்பாங்கான மண்ணுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறையும், கனத்த மண்ணுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் பெரும்பாலும் சரியாக இருக்கும். தொடர்ந்து நீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் மரத்துப் போகும். காய்ந்து இறுகினாலும் அதே கதிதான். தொடக்கத்தில் சொன்ன பென்சில் வேர் உருவாவது இப்படித்தான்.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் களையெடுத்து, இரண்டு பக்க மண்ணையும் பாரின் மேல் இழுத்து அணைத்துவிடுங்கள். ஐம்பதாம் நாள் மீண்டும் ஒருமுறை. களைக்கொத்தியைப் பாரின் பக்கவாட்டில் மட்டும் மேலோட்டமாக ஓட்டுங்கள், உச்சியில் ஆழமாகக் கொத்தினால் இறங்கிக்கொண்டிருக்கும் வேர் அறுபடும். கொடி பாரை மூடிவிட்ட பின் களை தானே அடங்கும்.

கொடியைப் படரவிடுதல்

கட்டுப்பாடில்லாமல் விட்டால் இருபது கொடியும் நாற்பது சதுர அடியைத் தாண்டிப் பக்கத்துப் பாத்தி, நடைபாதை எல்லாம் ஏறிவிடும். இடம் மட்டுமே பிரச்சினை அன்று. ஈரமண்ணில் படுக்கும் ஒவ்வொரு கணுவும் வேர் விடும், அந்த வேர்களில் சில குட்டிக் கிழங்காகப் பருக்கப் பார்க்கும். பாரிலிருக்கும் நல்ல கிழங்குக்குப் போக வேண்டிய சத்து அப்படிப் பல இடங்களுக்குச் சிதறும்.

சிறிய இடத்துக்கு எளிய ஏற்பாடு, நடு வாய்க்காலின் நெடுக ஒரு வேலி. இரண்டு முனையிலும் நடுவிலும் என மூன்று மூங்கில் கழிகள், மண்ணுக்கு மேல் நாலரை அடி உயரம். ஓரடி, இரண்டரை அடி, நாலடி உயரங்களில் மூன்று கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். மேல்கயிற்றிலிருந்து கீழ்க்கயிறு வரை ஓரடிக்கு ஒன்றாகச் சணல் தொங்கவிட்டால் வலை மாதிரி ஆகிவிடும். கழியை நடவு செய்யும்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். ஆடிக்காற்றில் ஈரக்கொடியின் பாரம் கனமாக இழுக்கும் என்பதால் கழி ஒன்றரை அடி ஆழமாவது போக வேண்டும்.

சர்க்கரைவள்ளிக்குப் பாகல் மாதிரிப் பற்றுக்கம்பி கிடையாது. சில ரகம் லேசாகச் சுற்றும், பெரும்பாலானவை தாமே ஏறாது. ஆகவே நாம்தான் கட்டிவிட வேண்டும். கொடி இரண்டடி நீண்டதும், ஒரு செடிக்குத் தடித்த இரண்டு கொடிகளைத் தேர்ந்தெடுங்கள். அடியிலிருந்து முதல் ஓரடியைப் பாரின் மேலேயே கிடக்க விட்டு, மீதியை வேலிப் பக்கம் திருப்பி, ஓரடிக்கு ஒரு கட்டாக, நனைத்த வாழைநாரால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நாரின் ஒரு வளையம் கயிற்றில், மறு வளையம் கொடியில், நடுவில் குறுக்கு. தண்டு பருக்க விரல் நுழையும் இடம் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் கட்டினால் தண்டு சற்றே தளர்ந்து வளைந்துகொடுக்கும். காலையில் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், முறிந்துவிடும்.

பாரில் கிடக்கும் அந்த ஓரடிக் கொடியை வேண்டாமென்று கழிக்காதீர்கள். அதன் இலை பாருக்கு நிழல். மண் சூடேறி வெடிக்காமல் அது காக்கும். வெடிப்பு ஏன் ஆபத்து என்பது கூன்வண்டைப் பற்றிச் சொல்லும்போது தெரியும். நாற்பதாம் நாளுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கீழே கிடக்கும் கொடியைக் கையால் மெல்லத் தூக்கினால் கணுவேர் பட்டென்று விடுபடும். அப்படியே பழைய இடத்தில் கிடத்திவிடுங்கள். கொடியைக் கவிழ்த்துப் போட்டால் இலையின் அடிப்புறம் வெயிலுக்குத் திரும்பி, செடி மறுபடி இலையைத் திருப்புவதற்கே சில நாள் செலவிடும்.

மேல்கயிற்றைத் தாண்டிய நுனியைக் கிள்ளிவிடலாம். அதற்குமேல் வெட்டாதீர்கள். இலைதான் கிழங்குக்கு மாவு தயாரிக்கும் இடம், இடம் போதவில்லை என்று பாதியை அரிந்தால் கிழங்கும் அந்த அளவுக்குக் குறையும். கிள்ளிய இளநுனி கீரைதான், பருப்போடு கடைந்து சாப்பிடலாம். பூச்சிமருந்து அடித்திருந்தால் வேண்டாம்.

கூன்வண்டு

இந்தப் பயிருக்கு மற்றப் பூச்சிகளால் வரும் தொல்லை சிறியது. கூன்வண்டு மட்டும் விளைச்சலையே தின்னும். பார்ப்பதற்கு ஒரு கட்டெறும்பு மாதிரி, அரை விரற்கடைக்கும் குறைவான நீளம். தலையும் பின்னுடலும் கருநீல மினுமினுப்பு, நடு உடலும் காலும் செங்கல் நிறம், முன்னால் வளைந்த நீள மூக்கு. பகலில் இலைக்கடியில் ஒளிந்திருக்கும், இரவில் நடமாடும். டார்ச் அடித்துப் பாரின் அடித்தண்டருகே பார்த்தால் அகப்படும்.

இந்த வண்டால் மண்ணை ஆழமாகத் தோண்ட முடியாது. மண் வெடித்தால் அந்தப் பிளவு வழியாக இறங்கிக் கிழங்கில் முட்டையிடும், அல்லது அடித்தண்டில் இடும். புழு உள்ளேயே குடைந்து தின்னும். அடித்தண்டு ஓரிடத்தில் வீங்கி, தோல் வெடித்து, பழுப்புத் தூள் தெரிந்தால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். புழு தின்ற கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான பொருளைச் சுரக்கும். அதனால்தான் ஒரு மூலையில் மட்டும் துளை இருந்தாலும் முழுக்கிழங்கும் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். அதை மாட்டுக்கும் போடக்கூடாது.

மருந்தைவிட மண்வெட்டி இங்கே அதிகம் உதவும். தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்துப் பாரைச் சுற்றி வாருங்கள். உள்ளே கிழங்கு பருக்கும்போது மண் விண்டு கோடு விழும், சிலசமயம் கிழங்கின் தோள்பட்டையே எட்டிப் பார்க்கும். அங்கெல்லாம் வாய்க்கால் மண்ணை எடுத்து இரண்டு விரற்கடை மூடிவிடுங்கள். எழுபதாம் நாளுக்கு மேல் வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். இனக்கவர்ச்சிப் பொறி கிடைத்தால் ஒன்று வைக்கலாம், ஆண் வண்டுகள் மட்டும் அதில் விழும். அதை நம்பி மண் அணைப்பதை விட்டுவிட முடியாது. அதே இடத்தில் அடுத்த போகமும் சர்க்கரைவள்ளி வேண்டாம், கீரையோ பயறோ போடுங்கள். வேலியோரம் காட்டுக்கொடியாக அடுக்கடுக்காய்ப் பூக்கும் இதன் இனத்துச் செடிகளிலும் வண்டு தங்கும், அவற்றை அகற்றிவிடுவது நல்லது.

தோண்டும் காலம்

நட்ட 105 முதல் 120 நாளில் பெரும்பாலான ரகங்கள் முற்றும். ஜூன் 8 இல் நட்ட பாருக்கு அது செப்டம்பர் கடைசி. அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் ஓரத்துச் செடி ஒன்றிலிருந்து ஒரு கிழங்கைக் கையால் கிளறி எடுத்து, குறுக்கே வெட்டிச் சற்று நேரம் வையுங்கள். வெட்டுவாயில் கசியும் பால் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாகக் கறுத்தால் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும். முற்றிய பிறகும் மண்ணிலேயே சேமிப்பது போல விட்டுவைப்பவர்களுக்குக் கிடைப்பது கூன்வண்டு தின்றதும் எலி தின்றதும் போக மிச்சம்தான்.

தோண்டுவதற்கு மூன்று நாள் முன்பு லேசாகத் தண்ணீர் காட்டினால் மண் இளகும். கொடியை அரிந்து எடுத்துவிட்டு, செடியின் அடியிலிருந்து முக்கால் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணை நெம்பி, கிழங்கைக் கையால் விலக்கி எடுங்கள். புதுக்கிழங்கின் தோல் நகம் பட்டாலே உரியும், உரிந்த இடத்தில் அழுகல் நுழையும். இரண்டு பார்களிலும் சேர்த்து, செடிக்கு 300 முதல் 400 கிராம் வீதம் ஆறிலிருந்து எட்டுக் கிலோ வந்தால் முதல் தடவைக்கு நல்ல விளைச்சல் என்றே சொல்லலாம். ஒரு செடியில் ஒரே பெரிய கிழங்கும் பக்கத்துச் செடியில் நாலு நடுத்தரமும் இருப்பது இயல்பு.

கழுவ வேண்டாம். மண்ணை உதறிவிட்டு, காற்றோட்டமான நிழலில் சாக்கின் மேல் ஒன்றையொன்று தொடாமல் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். கீறல் விழுந்த தோல் அதற்குள் தடித்து மூடிக்கொள்ளும், உள்ளிருக்கும் மாவில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். தோண்டிய அன்றே வேகவைத்துச் சப்பென்று இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் அந்த ஒரு வாரத்தைத் தவறவிட்டவர்கள்தான். பிறகு ஒரு கூடையில் காய்ந்த மணல் பரப்பி, துளையும் வெட்டும் இல்லாதவற்றை மட்டும் அதில் அடுக்கிவிடுங்கள். வெட்டுப்பட்டவற்றை முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அரிந்துபோட்ட கொடியில் வண்டுத் தடம் இல்லாத நுனிகளாகப் பார்த்து ஒரு சாண் நீளத்தில் இருபத்தைந்து வெட்டி, நிழலில் ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு நாள் வைத்தால் கணுவில் வேர் எட்டிப் பார்க்கும். தண்ணீர் தேங்காத மேட்டுப்பகுதியிலோ அகன்ற தொட்டியிலோ அவற்றை நட்டு மழைக்காலத்தைக் கடத்திவிட்டால் அடுத்த நடவுக்கு டம்ளரே தேவையில்லை. மீதிக் கொடியை மாட்டுக்குப் போடலாம். வீங்கி வெடித்த அடித்தண்டுகளையும் துளைவிழுந்த கிழங்குகளையும் மட்டும் எருக்குழியில் சேர்க்காமல் தனியாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.